ஒட்டிய இரண்டு தாள்கள், நான்கு பாகைப் பிசகு: அல்கொன்குவின் காட்டில் ஒரு வழிதவறல்

பின்னணி

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து நடத்தும் நடைக்குழு ஒன்று, செப்டெம்பர் கடைசி வாரத்தில் அல்கொன்குவின் பூங்காவின் கிழக்குப் பகுதிக்குப் போயிருந்தது. பெரியவர்களில் ஒரு பிரிவினர் கனூக்களில் சாமான்களோடு ஏரி வழியாகச் சுற்றி வருவது, நான்கு பேர் மட்டும் பாதையில்லாத காட்டுக்குள் வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு குறுக்கே நடந்து அதே முகாமை அடைவது என்பது ஏற்பாடு. நடக்க வேண்டிய தூரம் 5 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கைபேசிகளை அணைத்து வைப்பது பயிற்சியின் ஒரு விதி.

நால்வரில் ஒருவருக்கும் காயமில்லை, பொழுது சாயுமுன் முகாமையும் அடைந்துவிட்டார்கள். ஆனாலும் நடந்த பிழை அரிய வகையைச் சேர்ந்தது. தலைவர் காந்த ஒதுக்கத்தை, அதாவது திசைகாட்டி முள் உண்மை வடக்கிலிருந்து விலகி நிற்கும் கோணத்தை, மறக்கவில்லை, அதைக் கூட்டுவதா கழிப்பதா என்றும் குழம்பவில்லை. அந்தக் கணக்கைப் பல வருடமாகப் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பவர் அவர். அப்படிப்பட்டவரே தடம் மாறியதால்தான் குழு இதை எழுதி வைக்கச் சொன்னது. நான் அந்த நடையில் இல்லை. நால்வரோடும் பேசி, அவர்கள் பயன்படுத்திய தாள்களையும் திசைகாட்டியையும் கையில் வாங்கிப் பார்த்து எழுதுகிறேன்.

மூன்று வடக்கும் அந்த இடமும்

உண்மை வடக்கு என்பது பூமியின் சுழல் அச்சு வெளிப்படும் துருவத்தை நோக்கிய திசை; தீர்க்கரேகைகள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. காந்த வடக்கு என்பது நாம் நிற்கும் இடத்தில் திசைகாட்டியின் முள் நிற்கும் திசை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோணம்தான் காந்த ஒதுக்கம். அல்கொன்குவினின் கிழக்குப் பகுதியில் இப்போது அது மேற்காக ஏறத்தாழ 12°. அதாவது முள்ளின் வடமுனை, உண்மை வடக்குக்கு 12° இடப்பக்கம் நிற்கும். பூமியின் வெளிக்கருவில் உருகிய இரும்பு ஓடிக்கொண்டே இருப்பதால் இந்தக் கோணம் வருடந்தோறும் சிறிது மாறும். அதனால் பழைய தாளில் அச்சிட்ட எண்ணை அப்படியே எடுக்காமல், கனடிய அரசின் இணையக் கணிப்பானில் அன்றைய தேதிக்கான எண்ணைப் பார்ப்பது வழக்கம். தலைவர் அதைச் செய்திருந்தார்.

மூன்றாவது கட்ட வடக்கு. பலருக்கும் இது பெயரளவில்தான் தெரியும். 1:50,000 அளவுத் தாளில் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாக நீலக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். நெடுக்குக் கோடு காட்டும் மேற்பக்கம்தான் கட்ட வடக்கு. இந்தக் கட்டங்கள் யூ.டி.எம் என்ற முறையைச் சேர்ந்தவை. உலகம் 6° அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மண்டலமும் தனித்தனியே தட்டையாக்கப்படுகிறது. பூசணிக்காயின் ஒரு கீற்றை வெட்டியெடுத்து மேசையில் அழுத்திவைத்தது போல என்று வைத்துக்கொள்ளலாம். கீற்றின் நடுக்கோட்டில் மட்டும் கட்ட வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றாக இருக்கும். நடுவிலிருந்து விலக விலக, தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி உள்பக்கம் சாய, கட்டக் கோடுகள் மட்டும் நடுக்கோட்டுக்கு இணையாக விறைத்து நிற்கும். வட அரைக்கோளத்தில் நடுக்கோட்டுக்குக் கிழக்கே கட்ட வடக்கு உண்மை வடக்குக்குக் கிழக்கே விலகும். மேற்கே போனால் மேற்கே விலகும்.

ஒரு மண்டலத்தின் கிழக்கு ஓரமும் அடுத்த மண்டலத்தின் மேற்கு ஓரமும் ஒட்டும் இடத்தில் இந்த இரு விலகல்களும் எதிரெதிர்ப் பக்கம் நோக்கும். 17-ஆம் மண்டலத்தின் நடுக்கோடு மேற்கு 81°, 18-ஆம் மண்டலத்தினது மேற்கு 75°. இரண்டும் சந்திக்கும் எல்லை மேற்கு 78°. அந்தத் தீர்க்கரேகை அல்கொன்குவின் பூங்காவின் கிழக்குப் பகுதியை நெடுக்காக வெட்டிக்கொண்டு போகிறது. கனடியத் தாள்கள் அந்த ரேகையிலேயே முடிந்து தொடங்குவதால், மேற்கே 31E/16 என்ற தாள் 17-ஆம் மண்டலத்திலும் அதையொட்டிய 31F/13 என்ற தாள் 18-ஆம் மண்டலத்திலும் கிடக்கின்றன.

விலகலின் அளவைக் கணக்கிடுவது எளிது. நடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகைத் தீர்க்கரேகை தள்ளி நிற்கிறோமோ அதை அந்த இடத்து அட்சரேகையின் சைன் மதிப்பால் பெருக்கினால் போதும். மேற்குத் தாளின் நடுப்பகுதி நடுக்கோட்டுக்கு 2.75° கிழக்கே, அட்சரேகை 46°-ஐ ஒட்டியது, அதன் சைன் ஏறத்தாழ 0.72, பெருக்கினால் 2° கிழக்கு. கிழக்குத் தாளுக்கு அதே 2°, ஆனால் மேற்காக. ஆக, அக்கம்பக்கத்துத் தாள்கள் இரண்டின் கட்ட வடக்குகளுக்கிடையே 4° இடைவெளி. முள்ளுக்கு இது எதுவும் தெரியாது. அது இரு பக்கமும் உண்மை வடக்குக்கு 12° மேற்கேதான் நிற்கும். கட்டக் கோட்டிலிருந்து முள்ளுக்கான கோணம் மட்டும் மேற்குத் தாளில் 12 + 2 = 14° ஆகவும், கிழக்குத் தாளில் 12 − 2 = 10° ஆகவும் அமைகிறது.

நடைக்கு முந்திய மாலை

தலைவர் இரு தாள்களையும் முகாம் மேசையில் ஒட்டினார். ஒட்டுவதற்கு வசதியாகவும், நீர்புகாப் பைக்குள் மடித்து வைக்கவும் கிழக்குத் தாளின் ஓரங்கள் நான்கும் வெட்டப்பட்டன. மூன்று வடக்கையும் காட்டும் சிறு படமும் மண்டல எண்ணும் இந்த ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். மேற்குத் தாளில் ஒட்டும் பக்கத்து ஓரம் மட்டுமே வெட்டப்பட்டது. அதன் படம் தப்பியது.

புறப்படும் இடத்திலிருந்து சேருமிடம் வரை பென்சிலால் ஒரே நேர்கோடு இழுத்தார்கள். நால்வரில் இளையவரான ஒரு பெண், பல்கலைக்கழக மாணவி, அளவுகோலைப் பிடித்துக்கொண்டிருந்தபோது கேட்டிருக்கிறார்: “அண்ணை, நீலக் கோடுகள் ரெண்டு பக்கமும் ஒண்டோடை ஒண்டு சந்திக்கேல்லையே. சரிஞ்செல்லோ நிக்குது?”

“ஒட்டினதிலைதான் பிழை தங்கச்சி. மடிச்ச தாள், இப்பிடித்தான் இருக்கும்,” என்று தலைவர் பதில் சொல்லியிருக்கிறார்.

அந்தத் தாள்களை நான் பார்த்தேன். ஒட்டு நேர்த்தியாகவே இருந்தது. ஏரிக்கரைகளும் உயரக்கோடுகளும் தையல் தெரியாமல் ஒரு தாளிலிருந்து மற்றதற்குப் போகின்றன. கட்டக் கோடுகள் மட்டும் அந்தத் தையலில் முறிந்து, இரு பக்கமும் எதிரெதிராகச் சாய்கின்றன. ஒட்டியதில் பிழை என்றால் கரைகளும் அல்லவா முறிந்திருக்க வேண்டும்? நிலத்தின் உருவங்கள் பொருந்தி, கட்டம் மட்டும் பொருந்தாவிட்டால், அங்கே மண்டலம் மாறுகிறது. என் பார்வையில் இந்த நிகழ்வு முழுவதிலும் பிழையைப் பிடிக்கக் கிடைத்த மிகத் தெளிவான சந்தர்ப்பம் அதுதான். கேள்வியும் சரியாகவே எழுந்தது.

பிறகு தலைவர் மேற்குத் தாளின் ஓரப் படத்தில் கட்ட வடக்கின் விலகலைப் பார்த்து, இணையத்தில் எடுத்த 12°-யோடு கூட்டி 14° என்று கண்டார். (அந்தப் படத்தில் வரைந்துள்ள கோணங்களைப் பாகைமானியால் அளக்கக் கூடாது. எண்ணை மட்டுமே எடுக்க வேண்டும். படம் அளவுக்கு வரைந்ததல்ல.) அவருடைய திசைகாட்டியில் சிறு திருகு ஒன்று உண்டு. அதைத் திருப்பினால் வளையத்துக்குள் இருக்கும் சிவப்பு வழிகாட்டி அம்பு அத்தனை பாகை விலகி நின்றுகொள்ளும்; பிறகு வரைபடத்தில் அளந்த எண்ணை அப்படியே வளையத்தில் வைத்து நடக்கலாம், மனக்கணக்கு வேண்டாம். திருகை 14° மேற்கில் வைத்தார். மேற்குத் தாளுக்கு அது முற்றிலும் சரியான எண்.

நடந்த நாள்

முதல் பாதி பிசகில்லாமல் போனது. பென்சில் கோட்டின் திசையை மேற்குத் தாளின் கட்டத்தோடு பொருத்தி அளந்தபோது 76° வந்தது. திருகு 14° சேர்க்க, அவர்கள் உண்மையில் நடந்தது காந்தப்படி 90°. ஏறத்தாழ 2.5 கிலோமீட்டருக்குப் பிறகு வரைபடத்திலிருந்த சிறு குளம் நேர் எதிரே வந்தது. குளத்தின் கிழக்கு முனை 78° ரேகைக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது. அங்கே மதியச் சாப்பாடு.

சாப்பிட்ட பின் புதிதாகத் திசை எடுக்க வேண்டியிருந்தது, ஏனெனில் குளத்தைச் சுற்றி வந்ததில் வளையம் திரும்பியிருந்தது. இப்போது கையில் மேலே மடிந்திருந்தது கிழக்குத் தாள். பென்சில் கோட்டை அதன் கட்டத்தோடு பொருத்தியபோது 80° வந்தது. காலையில் 76°, இப்போது 80°, கோடோ ஒரே நேர்கோடு. தலைவருக்கு அந்த வித்தியாசம் கண்ணில் பட்டது. முந்திய மாலையின் விளக்கமே இப்போதும் கைகொடுத்தது: ஒட்டியதில் சாய்வு. “புதுசா அளந்ததுதான் கிட்டடி” என்று 80°-யை எடுத்துக்கொண்டார். திருகு 14°-யிலேயே இருந்தது.

கணக்கை இங்கே நிறுத்திப் பார்க்கலாம். அந்தப் பென்சில் கோட்டின் உண்மைத் திசை 78°. மேற்குத் தாளில் அது 76° ஆகவும் கிழக்குத் தாளில் 80° ஆகவும் அளக்கப்படும், இரண்டுமே சரி. மேற்கில் 76 + 14 = 90. உண்மை வடக்கை வைத்தால் 78 + 12 = 90. கிழக்கில் 80 + 10 = 90. எந்த வடக்கை வைத்துத் தொடங்கினாலும், அந்த வடக்குக்குரிய கோணத்தைச் சேர்த்தால் முள் காட்ட வேண்டியது 90°தான். அவர்கள் வைத்ததோ 80 + 14 = 94°. கிழக்குத் தாளின் திசையும் மேற்குத் தாளின் திருத்தமும் கலந்துவிட்டன.

குளத்திலிருந்து முகாமுக்கு 2.7 கிலோமீட்டர். முகாம் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஒரு ஒடுங்கிய ஏரியின் மேற்குக் கரையில், அதன் தென்முனைக்கு வெறும் 100 மீட்டர் வடக்கே இருந்தது. நான்கு பாகை வலப்பக்கப் பிசகு 2.7 கிலோமீட்டரில் ஏறத்தாழ 190 மீட்டர் ஆகும். ஆக, ஏரியின் தென்முனையை 90 மீட்டர் தெற்கே விட்டுவிட்டு அவர்கள் கடந்துபோனார்கள். பால்சமும் கருஸ்ப்ரூஸும் நெருங்கி நிற்கும் அந்தக் காட்டில் 30 மீட்டருக்கு அப்பால் தண்ணீர் தெரியாது.

ஒரு மணிக்குப் புறப்பட்டவர்கள், மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் என்ற காட்டு நடை வேகத்தில், மூன்று மணிக்குள், அதாவது 2.50 அளவில் ஏரியை எதிர்பார்த்தார்கள். அந்த நேரத்துக்கு வந்தது ஏரியல்ல, பீவர்கள் அணைகட்டித் தேக்கிய ஒரு சதுப்பு. “ஏரியின்ரை வால்தான் இது, தண்ணி வத்தியிருக்கு” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். சதுப்பின் ஓரமாகவே கிழக்கே இன்னும் அரைக் கிலோமீட்டர் போனார்கள். நிலம் ஏறத் தொடங்கியது. வரைபடத்தில் ஏரிக்குப் பக்கத்தில் அப்படி ஏற்றம் இல்லை.

நின்ற இடமும் எடுத்த முடிவும்

மூன்றரைக்குத் தலைவர் நடையை நிறுத்தினார். அது நல்ல முடிவு, எடுத்த நேரமும் நல்ல நேரம். அந்தப் பருவத்தில் அங்கே சூரியன் ஏழு மணி அளவில் மறையும். கனூப் பிரிவோடு ஆறு மணி என்று ஒரு கெடு பேசி வைத்திருந்தார்கள். அதற்குள் வராவிட்டால் செயற்கைக்கோள் கருவியில் உதவி கேட்பது என்று. இரண்டரை மணி நேரம் கையிலிருந்தது.

அவருக்கு முன்னால் மூன்று வழிகள். ஏரியைத் தேடி வடக்கே திரும்பலாம். ஆனால் ஏரி வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா என்பது அப்போது தெரியாது. வந்த வழியே திசையைத் திருப்பிக் குளத்துக்கே போகலாம். மூன்று கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், அங்கிருந்து முகாமுக்கு வருமுன் கெடு தாண்டிவிடும். மூன்றாவது, பயிற்சி விதியை விட்டுக் கைபேசியைத் திறப்பது. அவர் மூன்றாவதை எடுத்தார்.

கைபேசிச் செயலியின் திரையில் வந்தது இது:

18T 270880

270880 என்பது மீட்டரில் கிழக்கு அளவு, இதன் பின்னால் வடக்கு அளவு. தாளைப் பிடித்திருந்தவர் அதை மேற்குப் பக்கம் மடித்து வைத்திருந்தார், ஏனெனில் ஓர எண்கள் முழுதாக இருந்தது அந்தப் பக்கம்தான். கட்டக் கோடுகளில் இரண்டு இலக்க எண்களே பெரிதாக இருக்கும். 270880 என்றால் 70-க்கும் 71-க்கும் நடுவே, 71-ஐ ஒட்டித் தேட வேண்டும். மேற்குத் தாளில் 70 என்ற நெடுக்குக் கோடே கிடையாது. அதன் எண்கள் 90-களில் தொடங்கி நூறைத் தாண்டி 32-ல் தையலில் முடிகின்றன. “ஜி.பி.எஸ் காட்டுக்கை பிடிக்கேல்லை போல” என்று ஒரு குரல். நல்ல வேளையாக, அந்த முடிவோடு யாரும் நடக்கத் தொடங்கவில்லை.

மாணவிதான் தாளின் ஓரத்தில் 17T என்று அச்சாகியிருந்ததைக் காட்டி, திரையில் ஏன் 18T என்று வருகிறது என்று கேட்டார். 78° எல்லையில் நிற்கும் ஒருவரின் கிழக்கு அளவு 17-ஆம் மண்டலத்தில் 732 கிலோமீட்டரைத் தாண்டியும் 18-ஆம் மண்டலத்தில் 267 கிலோமீட்டரைத் தாண்டியும் வரும். ஏனெனில் ஒவ்வொரு மண்டலத்திலும் நடுக்கோட்டுக்கு 500 கிலோமீட்டர் என்று எண் கொடுத்துத்தான் அளக்கிறார்கள். இடம் ஒன்று, எண் இரண்டு. தாளைக் கிழக்குப் பக்கம் திருப்பியதும் 70-ம் 71-ம் இருந்தன. அவர்கள் நின்ற இடம் பென்சில் கோட்டுக்கு 220 மீட்டர் தெற்கே, ஏரியின் தென்முனைக்கு அரைக் கிலோமீட்டர் கிழக்கே.

மண்டலம் மாறியது புரிந்ததும் மற்றதெல்லாம் அங்கேயே, ஒரு விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்து, பத்து நிமிடத்தில் அவிழ்ந்தது. தலைவர் திருகை 10°-க்கு மாற்றினார். முகாமை நேரே குறிவைக்காமல், வேண்டுமென்றே கொஞ்சம் வடக்கே தள்ளி, கிழக்குத் தாளின் கட்டப்படி 290° வைத்தார்கள். முள்ளுக்கு அது 300°. வடக்கே தள்ளியதால் ஏரியின் கிழக்குக் கரையில் எங்கேயாவது முட்டியே ஆக வேண்டும். முட்டினால் இடப்பக்கம் திரும்பிக் கரையோடு போய்த் தென்முனையைச் சுற்றினால் முகாம். அப்படியே நடந்தது. ஐந்து மணிக்கு முன்பே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வேறு காரணம் இருக்கலாமா?

எழுதுமுன் இதைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. நான்கு பாகை என்பது காட்டில் கையால் பிடித்து நடக்கும் திசைகாட்டியின் சாதாரணத் தடுமாற்றத்துக்குப் பக்கத்தில் வரும் அளவு. விழுந்த மரங்களை எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றினாலே அவ்வளவு விலகலாம். அந்தக் கனடியக் கற்பாறைப் பரப்பில் இரும்புத் தாது முள்ளை இழுக்கும் இடங்களும் உண்டு. பையிலிருக்கும் கைபேசியும் கத்தியும் இழுக்கும்.

இந்தக் காரணங்களைப் பிரித்தறிய உதவியது நால்வரில் ஒருவரின் மணிக்கட்டுக் கடிகாரம். அது யாரும் பார்க்காமலேயே நடைத்தடத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது. குளத்திலிருந்து சதுப்பு வரையான தடத்தை உண்மை வடக்கை வைத்து அளந்தால் சராசரியாக 82°. போக வேண்டியது 78°. முக்கியமானது எண்ணைவிடத் தடத்தின் வடிவம். நடையின் தடுமாற்றம் என்றால் தடம் இருபுறமும் நெளியும், அல்லது மெல்ல மெல்ல ஒரு பக்கம் வளையும். தாது இழுத்தால் ஓரிடத்தில் மட்டும் முறிந்து பிறகு நேராகும். இங்கே தடம் சிறு நெளிவுகளோடு நேராக இருந்தது, ஆனால் குளக்கரையின் முதல் அடியிலிருந்தே முழுதாகத் திரும்பியிருந்தது. இப்படித் தெரிந்தால் பிழை நடந்தவர்களிடம் இல்லை, வளையத்தில் வைத்த எண்ணில் இருக்கிறது. காலையின் தடம் அதே திசைகாட்டி, அதே கைபேசி, அதே கையோடு 78°-யில் போயிருந்தது.

கூட்டல் கழித்தல் மாறிப்போனால் என்ன ஆகும் என்பதோடு இதை ஒப்பிடலாம். 80-உடன் 10-ஐக் கூட்டாமல் கழித்திருந்தால் முள்ளுக்கு 70° வந்திருக்கும்; 20° பிசகு, 2.7 கிலோமீட்டரில் ஒரு கிலோமீட்டருக்குக் கிட்ட. அவ்வளவு பெரிய பிழை அரை மணி நேரத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எதிர்பார்த்த ஓடை வராது, மலை தவறான பக்கம் நிற்கும். நான்கு பாகை அப்படி அல்ல. எல்லாமே கிட்டத்தட்டச் சரியாக இருந்துகொண்டே, கடைசியில் ஏரி மட்டும் வராமல் போகும்.

ஊர்ப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தலைவர் இலங்கையில் புவியியல் படித்தவர். இலங்கை முழுவதும் 44-ஆம் மண்டலத்துக்குள், அதன் நடுக்கோடான கிழக்கு 81° தீவுக்குள்ளேயே ஓட, அடங்கிவிடுகிறது. மூன்று வடக்குகளும் இரண்டு பாகை அளவுக்குள் நெருங்கி நிற்கும். தமிழ்நாட்டில் மண்டல எல்லையே உண்டு. கிழக்கு 78° திண்டுக்கல்லை ஒட்டிப் போகிறது. ஆனால் நிலநடுக்கோட்டுக்கு அருகில் சைன் மதிப்பு சிறியது என்பதால், அங்கே இரு தாள்களுக்கிடையே வருவது ஏறத்தாழ ஒரு பாகைதான். கட்ட வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றே என்று எண்ணுவது அங்கெல்லாம் யாரையும் காட்டில் தொலைத்துவிடாது.

இனி மாறுவது

தாளின் ஓரத்தை வெட்டுவதை நிறுத்தியாயிற்று. வெட்டியே ஆக வேண்டுமென்றால், மண்டல எண்ணையும், கட்டத்திலிருந்து முள்ளுக்கான கோணத்தையும், எந்த வருடத்துக்கான கோணம் என்பதையும் ஒவ்வொரு தாளின் முகத்திலும் பேனாவால் எழுதிவிட்டுத்தான் கத்தரிக்கோல். இடத்தைச் சொல்லும்போது மண்டலத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொல்லக் கூடாது என்பதும் இப்போது விதி.

முகாமைக் குறிவைத்த முறையும் மாறுகிறது. ஏரியின் முனைக்கு 100 மீட்டர் பக்கத்தில் நேரே குறிவைத்தது, திசை முழுக்கச் சரியாக இருந்தாலுமே ஆபத்தான தெரிவு, 2.7 கிலோமீட்டரில் இரண்டு பாகைத் தடுமாற்றமே 95 மீட்டர். ஏரியின் நீண்ட உடல் வடக்கே கிடக்க, 300 மீட்டராவது வடக்கே தள்ளிக் குறிவைத்து, கரையில் முட்டிய பின் வலப்பக்கம் தெற்கே இறங்கியிருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் திருகிலிருந்த பிழையோடேயே அவர்கள் மூன்று மணிக்கு முகாமில் இருந்திருப்பார்கள்.

எந்த வடக்கை வைத்து வேலை செய்வது என்பதில் தலைவருக்கும் எனக்கும் இன்னும் கருத்து ஒன்றாகவில்லை. தாளுக்குத் தாள் திருகை மாற்றினால் போதும் என்கிறார் அவர். குளிரில், கையுறையோடு, சின்னத் திறவுகோலால் திருகை மாற்ற நினைவு வைத்திருப்பதை நான் நம்பமாட்டேன். தாள்களின் இடவல விளிம்புகள் தீர்க்கரேகைகள், அதாவது உண்மை வடக்கைக் காட்டுபவை. அவர்கள் ஒட்டிய தையலே 78° ரேகைதான். நீலக் கட்டத்தை விட்டுவிட்டு அந்தத் தையலோடு திசைகாட்டியைப் பொருத்தி, திருகை 12°-யில் வைத்திருந்தால் இரு தாள்களுக்கும் ஒரே எண் போதும்.

அதைவிட எளிது, வீட்டிலேயே இரு தாள்களிலும் காந்தக் கோடுகளை இழுத்துவிடுவது. மேற்குத் தாளில் ஏதாவதொரு நெடுக்குக் கட்டக் கோட்டின் அடியிலிருந்து 20 சென்டிமீட்டர் மேலே போய், அங்கிருந்து இடப்பக்கம் 5 சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி வைத்து, அடியோடு இணைத்தால் 14°. கிழக்குத் தாளில் அதே 20 சென்டிமீட்டருக்கு இடப்பக்கம் மூன்றரைச் சென்டிமீட்டர், அது 10°. இவற்றுக்கு இணையாக விரலிடை விட்டுக் கோடுகளை இழுத்துக்கொண்டே போகலாம். பிறகு திருகு சுழியில் நிற்க, வளையத்தை இந்தக் கோடுகளோடு பொருத்தினால், அளக்கும் எண்ணே முள்ளுக்குரிய எண். கணக்குச் சரிதானா என்று பார்க்கவும் இதில் வழி உண்டு: நீலக் கோடுகள் தையலில் முறியும், காந்தக் கோடுகளோ இரு தாள்களிலும் ஒரே சாய்வில், முறியாமல் ஓட வேண்டும். குழுவின் தாள்களில் மாணவி இழுத்துப் பார்த்தார், ஓடுகின்றன. பிற்காலத்தில் ஒதுக்கம் ஒரு பாகை மாறியதும் அவற்றை அழித்து மீண்டும் இழுக்க வேண்டும் என்பதால், பென்சிலில்.